தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம்: தூக்கம், படிப்பு, தேர்வறை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான். ராத்திரி 2 மணி வரை படித்துவிட்டுக் காலை 9 மணிக்கு எழுந்திருக்கிறேன். தேர்வு காலை 10 மணிக்கு. எனக்கு ராத்திரியில்தான் படிப்பு ஏறுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஆமாம். இன்றே தொடங்கினால் அதிகச் சிரமமில்லாமல் மாற்றிவிடலாம்.

ராத்திரியில் படிப்பு ஏறுகிறது என்பது சாக்கு இல்லை. பதின்வயதில் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் இயல்பாகவே கொஞ்சம் தாமதமாக ஓடும். தூக்கமும் தாமதமாக வரும், விழிப்பும் தாமதமாக வரும். ஆனால் வினாத்தாளை ராத்திரியில் கொடுக்கப் போவதில்லை. தேர்வன்று மட்டும் அலாரம் வைத்து 6.30 மணிக்கு எழுந்தால், அந்த நேரம் உங்கள் உடம்பின் கணக்கில் இன்னும் தூங்கவேண்டிய நேரம். தலை கனக்கும், வயிறு சரியிருக்காது, படித்தது சட்டென்று ஞாபகத்துக்கு வராது. இதையெல்லாம் ‘பயம் வந்துவிட்டது’ என்று நினைத்து, அதனாலேயே நிஜமாகப் பயந்துபோகிறவர்கள் நிறையப் பேர்.

மாற்றும்போது பெரும்பாலோர் தவறான முனையைப் பிடிக்கிறார்கள். “இன்றிலிருந்து 10.30க்குப் படுத்துவிடுவேன்” என்று தொடங்குவார்கள். உடம்பு தயாராக இல்லாததால் 2 மணி வரை புரண்டுகொண்டிருப்பார்கள். தூங்கும் நேரத்தை நம் விருப்பப்படி நகர்த்த முடியாது. எழும் நேரத்தை முடியும். அதை முதலில் பிடியுங்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். எழவேண்டிய நேரம் 6.30 என்று வைத்துக்கொண்டால், 9 மணியிலிருந்து இரண்டரை மணி நேரம் முன்னால் வர வேண்டும். இரண்டு நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் குறையுங்கள்: முதல் இரண்டு நாள் 8.30, அடுத்த இரண்டு நாள் 8, பிறகு 7.30, 7, கடைசியாக 6.30. பத்து நாளில் வந்து சேர்ந்துவிடலாம். அதன்பின் மிச்சமிருக்கும் பத்து நாளில் அந்த நேரம் படிந்துவிடும். ஒவ்வொரு நாளும் எழுந்தவுடன் வெளியே போய் இருபது முப்பது நிமிடம் பகல் வெளிச்சத்தில் இருங்கள், நின்றாலும் சரி, நடந்தாலும் சரி. காலை வெளிச்சம் கண்ணில் படுவதுதான் அந்தக் கடிகாரத்தை முன்னால் தள்ளும் பெரிய விசை. வீட்டுக்குள் எத்தனை விளக்கைப் போட்டாலும் திறந்தவெளி வெளிச்சத்துக்கு ஈடாகாது. இரவில் இதற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே விளக்கைக் குறைத்து, ஃபோனைத் தள்ளி வைத்துவிடுங்கள்.

முதல் மூன்று நான்கு நாள் மதியத்தில் கண் செருகும். 3 மணிக்கு முன்னால் இருபது நிமிடம் தூங்கி எழலாம். ஒரு மணி நேரம் தூங்கிவிட்டால் எழும்போது மந்தமாக இருக்கும், ராத்திரித் தூக்கத்துக்கும் அது உலை வைக்கும். விடுமுறை நாளில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கிக்கொள்வோம் என்று 10 மணிக்கு எழுந்தால், நான்கு நாள் உழைப்பு அந்த ஒரு காலையிலேயே போய்விடும்.

படுத்தால் “அந்தப் பாடம் முடிக்கவில்லையே, இந்தப் பாடம் முடிக்கவில்லையே” என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது. தூக்கம் வரவில்லை.

படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நாளைக்குச் செய்யவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். “வேதியியல் படிக்க வேண்டும்” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயனில்லை. “காலை 10 மணி: கரிம வேதியியலில் பெயரிடும் முறை, பத்துக் கணக்கு” என்கிற அளவுக்குத் தெளிவாக எழுதுங்கள். 2018இல் வெளியான ஒரு தூக்க ஆய்வில், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்யவேண்டிய வேலைகளை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் விவரமாக இருந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது. மறந்துவிடுமோ என்றுதான் மனசு அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. தாளில் ஏறிவிட்டால் அதற்கு அந்த வேலை இல்லை.

அப்படியும் இருபது நிமிடத்துக்கு மேல் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள். மங்கலான வெளிச்சத்தில் பாடத்தோடு சம்பந்தமில்லாத எதையாவது படியுங்கள். கண் சொக்கும்போது மறுபடி படுங்கள். மணி பார்க்கவே வேண்டாம். “இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கிறது” என்று கணக்குப் போடத் தொடங்கினால் வரவிருந்த தூக்கமும் ஓடிவிடும். கட்டிலில் உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இருந்தால் இந்த மூன்று வாரத்துக்காவது அதை விட்டுவிடுங்கள். படுக்கை என்றாலே தூக்கம் என்று உடம்பு பழக வேண்டும்.

எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்து வரும் கேள்வி. பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம். பகலில் படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான். அதனால் தூக்கத்தைக் குறைத்துப் படிக்கும் கூடுதல் இரண்டு மணி நேரம், அதற்கு முன் படித்த எட்டு மணி நேரத்தையும் கொஞ்சம் கரைத்துவிடுகிறது.

முந்தின நாள் ராத்திரி சுத்தமாகத் தூக்கம் வராவிட்டால் தேர்வு போச்சா?

போகாது. அதற்கு முந்தைய ஒரு வாரம் ஒழுங்காகத் தூங்கியிருந்தால் ஒரு இரவின் குறையைத் தாங்க உடம்புக்குத் தெரியும். தேர்வறையின் பரபரப்பே உங்களை விழிப்பாக வைத்திருக்கும். கண்ணை மூடி அசையாமல் படுத்திருங்கள், போதும். அந்த நேரத்தில் புத்தகத்தைத் திறக்காதீர்கள். தூக்க மாத்திரையைப் பரீட்சித்துப் பார்க்கும் ராத்திரியும் அது இல்லை.

காபி, டீ குடிக்கலாமா?

தினமும் குடிக்கும் அளவைக் குடியுங்கள், தேர்வன்றும் அதே அளவுதான். உடம்பில் சேரும் காஃபினில் பாதி கழிவதற்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதால், மதியத்துக்கு மேல் வேண்டாம். பழக்கமில்லாதவர்கள் தேர்வன்று காலை இரண்டு கப் குடித்துவிட்டுப் போனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அது காபியின் வேலையா பயத்தின் வேலையா என்று அங்கே உட்கார்ந்து பிரித்தறிய முடியாது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படித்தால் சரி? என் தோழி 14 மணி நேரம் படிக்கிறாளாம்.

அந்தப் பதினான்கில் எத்தனை மணி நேரம் புத்தகம் திறந்திருந்தது, எத்தனை மணி நேரம் மண்டையில் ஏறியது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கவனம் சிதறாமல் ஆறேழு மணி நேரம் படிப்பவர் கடைசி வாரங்களில் தாராளமாகப் படிக்கிறார் என்றே சொல்வேன். எண்ணிக்கையைவிட, தினமும் ஒரே நேரத்தில் உட்காருவது முக்கியம். “இப்போது தொடங்கலாமா, அப்புறம் தொடங்கலாமா” என்று மனசோடு பேரம் பேசுவதில்தான் பாதிப் பதற்றம் பிறக்கிறது. நேரம் நிலையாக இருந்தால் பேரத்துக்கு இடமில்லை.

நாளை மூன்றாகப் பிரிக்கச் சொல்வது என் வழக்கம். தேர்வு 10 முதல் 1 மணி வரை என்றால், தினமும் அந்த மூன்று மணி நேரம் பாடம் படிப்பதற்கு இல்லை; கேள்விகளுக்குப் பதில் எழுதுவதற்கு. பேனா, தாள், டைமர், மூடிய புத்தகம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் காலையில் தடுக்கிய இடங்களைத் திருத்துவதற்கு. சாயங்காலம் இரண்டு மணி நேரம், இரண்டு மூன்று நாள் முன்பு படித்ததைத் திருப்பிப் பார்ப்பதற்கு. இடையில் ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் எழுந்து நடங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஃபோனை எடுத்தால் அது பத்து நிமிடத்தோடு நிற்காது என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரே வரியை மூன்றாவது முறை படிக்கிறீர்கள், நன்றாகத் தெரிந்த கூட்டலில் பிழை வருகிறது என்றால் அன்றைய படிப்பு முடிந்துவிட்டது. அதற்கு மேல் உட்கார்ந்தால் மேசையோடு உறவு கெடும், அவ்வளவுதான்.

படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் எதுவும் வரமாட்டேன் என்கிறது. பயத்தால் மறந்துவிடுகிறதா?

கொஞ்சம் பயம், பெரும்பகுதி படிக்கும் முறை. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரிகள் பழகிப்போகின்றன. அந்தப் பழக்கத்தை ‘தெரியும்’ என்று மூளை எடுத்துக்கொள்கிறது. ஆனால் தேர்வு கேட்பது, வரியைப் பார்த்து அடையாளம் காண்பதை அல்ல. எதையும் பார்க்காமல் உள்ளிருந்து வெளியே எடுப்பதை. அது தனித் திறமை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை இரண்டு முறை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டு, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்களுக்கு 42 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. வாசிப்பு நம்மை ஏமாற்றுவது இப்படித்தான். அன்றைக்கு அது வெற்றி போலத் தெரியும்.

பதற்றக்காரர்களுக்கு இதைவிட முக்கியமானது 2016இல் வந்த இன்னொரு ஆய்வு. நினைவிலிருந்து எடுத்து எடுத்துப் பழகியவர்களையும் வெறுமனே வாசித்தவர்களையும் மறுநாள் பிறர் முன்னிலையில் திடீரெனப் பேசவைத்து, கணக்குப் போடவைத்து நெருக்கடிக்கு உள்ளாக்கினார்கள். வாசித்தவர்களின் ஞாபகம் சரிந்தது. எடுத்துப் பழகியவர்களின் ஞாபகம் அசையவில்லை. ஆக, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பது படிக்கும் முறை மட்டுமல்ல, பதற்றத்துக்கு எதிரான கவசமும் அதுதான்.

செய்யும் முறை எளிது. ஒரு பாடப்பகுதியை வாசித்ததும் மூடுங்கள். வெற்றுத் தாளில் நினைவிருப்பதை எல்லாம் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டதை வேறு நிற மையில் சேருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி வெற்றுத் தாள். முதல் முறை எரிச்சலாக இருக்கும், பாதிகூட வராது. அந்த எரிச்சலைப் பார்த்துத்தான் பலர் வாசிப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். இரண்டாவது, மூன்றாவது தாளில் வேறு நிற மை குறைவதைப் பாருங்கள். எவ்வளவு தெரியும் என்பதற்கு அதுவே நேர்மையான அளவுகோல்.

இன்னும் நான்கு பாடம் தொடவே இல்லை. விட்டுவிடலாமா, ஓட்டிவிடலாமா?

பழைய வினாத்தாள்களை எடுத்து, அந்த நான்கிலிருந்து வழக்கமாக எத்தனை மதிப்பெண் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அதிகம் வரும் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டிலும் வரையறைகள், சூத்திரங்கள், சிறு கேள்விகள் மட்டும். கடைசி இரண்டு நாளில் புதிதாக எதையும் தொடவேண்டாம். புதிய பாடம் அரைகுறையாக ஏறுவதோடு, “இதுவும் தெரியவில்லையே” என்ற பீதியையும் கூட்டிக்கொண்டு வரும்.

கேள்வித்தாளை வாங்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை வியர்க்கிறது. இதை எப்படி நிறுத்துவது?

முழுதாக நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். தேர்வுப் பதற்றத்தில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று உடம்பின் துடிப்பு. இன்னொன்று “தோற்றுவிடுவேன், எல்லாரும் என்ன சொல்வார்கள்” என்ற மன ஓட்டம். மதிப்பெண்ணை அதிகம் தின்பது இரண்டாவதுதான். கணக்குப் போடும்போது எண்களைப் பிடித்துவைக்கும் தற்காலிக நினைவில் இடம் குறைவு. கவலை அதில் பாதியை அடைத்துக்கொள்கிறது. உடம்பின் துடிப்பு பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில் தானாகத் தணியும், அதைப் பார்த்து நாம் மிரளாதவரை.

அதனால் துடிப்பு வந்ததும் “உடம்பு தயாராகிறது” என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். “பதறாதே, பதறாதே” என்று சொன்னால் கவனம் பதற்றத்தின் மேலேயே நிற்கும். கூடவே மூச்சு: நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே மட்டுப்படும், அதனால்தான் விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும். பத்து முறை செய்தால் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். வேகவேகமாக ஆழமாக இழுத்தால் தலை சுற்றும், அது வேண்டாம். தேர்வன்றுதான் முதல்முறை முயல்வேன் என்றால் கைகொடுக்காது. இன்றிலிருந்து தினமும் காலைப் பயிற்சிக்கு உட்காருமுன் செய்து பழகுங்கள்.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் மனதிலுள்ள பயத்தை எழுதித் தள்ளினால் மதிப்பெண் உயரும் என்று 2011இல் ஓர் ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. பின்னால் வேறு குழுவினர் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. உங்களுக்கு மனம் லேசாகிறது என்றால் செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தேர்வறைக்கு ஒரு திட்டம் வேண்டும் என்கிறார்கள். என்ன திட்டம்? வினாத்தாளைப் பார்த்துத்தானே முடிவு செய்ய முடியும்?

கேள்விகள்தான் தெரியாது. நேரமும் மதிப்பெண் பிரிவும் முன்பே தெரியும், அது போதும்.

3 மணி நேரம், 100 மதிப்பெண் தாள் என்று வைத்துக்கொள்வோம். 2 மதிப்பெண்ணில் பத்துக் கேள்வி, 5 மதிப்பெண்ணில் எட்டு, 10 மதிப்பெண்ணில் நான்கு. மொத்தம் 180 நிமிடம். தொடக்கத்தில் வாசிக்க 10, கடைசியில் சரிபார்க்க 15 போனால் மிச்சம் 155. மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் 150 நிமிடத்தில் முடியும், 5 நிமிடம் கையிருப்பு. அதாவது 2 மதிப்பெண்ணுக்கு 3 நிமிடம், 5க்கு ஏழரை, 10க்கு 15. இதைக் கடிகார நேரமாக மாற்றிக்கொள்ளுங்கள்: 10.10க்கு எழுதத் தொடங்கி, 10.40க்குள் சிறு கேள்விகள், 11.40க்குள் நடுத்தரக் கேள்விகள், 12.40க்குள் பெரிய கேள்விகள். மனப்பாடம் செய்யவேண்டியது இந்த மூன்று நேரங்களை மட்டுமே. பெரிய கேள்வியிலிருந்து தொடங்கும் பழக்கமிருந்தால் வரிசை மாறும், நிமிடங்கள் மாறாது.

முதல் பத்து நிமிட வாசிப்பில் நன்றாகத் தெரிந்ததற்கு ஒரு குறி, யோசித்தால் வரும் என்பதற்கு ஒரு குறி மனதிலாவது போட்டுக்கொள்ளுங்கள். வினாத்தாளில் எழுத அனுமதி உண்டா என்று முன்பே கேட்டு வையுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் நன்றாகத் தெரிந்த கேள்வியை முதலில் எழுதுங்கள். கை ஓடத் தொடங்கியதும் மனம் அதன் பின்னால் வந்துவிடும்.

திட்டம் உடைவது எப்போதும் ஒரே இடத்தில்தான். ஏழரை நிமிடக் கேள்வியில் பதினைந்து நிமிடம் ஆகிவிடும், “இன்னும் கொஞ்சம்தான்” என்று தோன்றும். 5 மதிப்பெண் கேள்வியில் முதல் மூன்று மதிப்பெண் எளிதில் வரும். கடைசி ஒன்றுக்கு மூச்சு முட்டும். அதே நேரத்தில் தொடாமல் கிடக்கும் இன்னொரு கேள்வியின் முதல் மூன்றை எடுத்துவிடலாம். ஆகவே நேரம் தாண்டியதும் ஐந்தாறு வரி இடம் விட்டு நகர்ந்துவிட வேண்டும். காலைப் பயிற்சியில் வாரத்துக்கு இரண்டு முழுத் தாளையாவது இந்தக் கடிகாரத்தோடு எழுதுங்கள். ஒன்றரை நிமிடக் கணக்கு உங்கள் கைக்கு ஒத்துவருகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

நடுவில் எல்லாம் மறந்து தலை வெறுமையாகிவிட்டால்?

பேனாவைக் கீழே வைத்து நான்கு–ஆறு மூச்சு மூன்று முறை. பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, தெரிந்த ஒன்றை எழுதத் தொடங்குங்கள். மறந்தது அழிந்துபோகவில்லை, பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் அதை வெளியே எடுக்கும் வழியைத் தற்காலிகமாக அடைக்கின்றன. உற்று உற்றுப் பார்த்தால் அடைப்பு கூடும். திரும்பி வந்ததும் அந்தப் பாடத்தைச் சேர்ந்த எதையாவது ஓரத்தில் எழுதுங்கள்: ஒரு சூத்திரம், ஒரு படம், உங்கள் வெற்றுத் தாளில் அது இருந்த இடம். ஒன்றைப் பிடித்தால் மற்றது தொடர்ந்து வரும். வராவிட்டாலும் தெரிந்த இரண்டு வரி எழுதிவிட்டு நகருங்கள்.

பக்கத்தில் இருப்பவர் கூடுதல் தாள் வாங்கும்போது பயம் வருகிறது.

அவர் கையெழுத்து பெரிதாக இருக்கலாம். உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள்.

பெற்றோர் நாங்கள் என்ன செய்வது?

“எவ்வளவு முடித்தாய்?” என்று கேட்பதைக் குறையுங்கள். காலையில் குறித்த நேரத்தில் எழுப்புவது, ராத்திரி வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைப்பது, முழுத்தாள் எழுதும் மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் எந்த அறிவுரையையும்விடப் பிள்ளைக்கு உதவும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? நண்பன் படபடப்புக்கு ஒரு மாத்திரை தருகிறேன் என்கிறான்.

அந்த மாத்திரையை வாங்காதீர்கள். படபடப்பைக் குறைக்கும் சில மருந்துகள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானவை. சில மருந்துகள் தூக்கத்தையும் மறதியையும் சேர்த்தே தரும். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால், புத்தகத்தைத் திறந்தாலே மூச்சு முட்டினால், தேர்வு எழுதவே போக முடியாது என்ற நிலை வந்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பவர் நீங்கள் பெற்றோரோ ஆசிரியரோ என்றால், அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல் உதவிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு தாள் முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் விடைகளை ஒப்பிடுகிறார்கள். இரண்டு நாளில் அடுத்த தாள்.

நிற்காமல் வீட்டுக்குப் போங்கள். பிழை தெரிந்தாலும் திருத்த வழியில்லை. தெரிந்தால் அடுத்த தாளுக்கான தூக்கம்தான் கெடும். சாப்பிட்டு, இருபது நிமிடம் கண்ணயர்ந்து, சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் அடுத்த பாடத்தின் வெற்றுத் தாள்களைப் புரட்டுங்கள். மறுநாள் காலை 6.30க்கு எழுந்து, 10 மணிக்கு அந்தப் பாடத்தில் ஒரு முழுத்தாளுக்கு உட்காருங்கள்.